தாத்தாவின் ஆயிரமாவது பௌர்ணமி

டொரன்டோ
பங்குனி, 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபிக்காதீங்க. பங்குனி பிறந்தும் இங்கே பனி கரையவில்லை. மேல்வீட்டு இத்தாலிக்காரப் பெரியவர் தினமும் விடியுமுன் என் வாசல் பனியையும் சேர்த்து வாரிவிடுகிறார். தாத்தா வயசுதான் இருக்கும். ஜன்னலோரம் தக்காளி விதை போட்டு நாற்றுக்குக் காத்திருக்கிறார். வேலை, சாப்பாடு எல்லாம் நன்றாகவே இருக்கிறது.

தாத்தாவின் ஆயிரம் பிறை விழாவுக்கு நாள் கேட்டிருந்தீங்க. சித்தப்பா சொல்வதுபோல எண்பது முடிந்த கையோடு செய்பவர்களும் உண்டு, எண்பதோடு எட்டு மாசம் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. ஆனால் ஆயிரம் பிறை கணக்கைப் பாருங்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொன்பதரை நாள். அப்படி ஆயிரம் வர எண்பது வருசமும் பத்து மாசமும் ஆகும். தாத்தா 1946 தைப்பூசம் கழித்துப் பிறந்தவர். எண்ணிப் பார்த்தால் ஆயிரமாவது பௌர்ணமி இந்தக் கார்த்திகையில், நவம்பர் 24-ல் விழுகிறது. பௌர்ணமிக்குப் போயா லீவு, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். பின்னேரம் மழை பிடிக்கும், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள். கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது கொஞ்சம் வெந்நீர் கலக்கச் சொல்லுங்கள். அந்தக் குளிரில் தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் சளி பிடித்துக்கொள்ளும்.

வாழ்த்து மடலில் பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். சின்னவர்கள் நாம், வணங்குகிறோம் என்றே எழுதலாம். தங்கச்சி இதை வாசிக்கட்டும்:

"எங்கள் தாத்தாவுக்கு இரண்டு வயசில், 1948-ல், இலங்கைச் சட்டம் மலையகத்து நம் சனங்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு பெரிய தாத்தா தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அப்பாயியின் அம்மா படுக்கையில் கிடந்ததால் இவர்கள் இருவரும் போகவில்லை. தேயிலை மலையில் தாத்தா கவ்வாத்து வெட்டினார், அப்பாயி கொழுந்து பறித்தார். மலையிலிருந்து யார் முந்தி வந்தாலும் அடுப்பை அவரே பற்றவைப்பார். ஐம்பத்தெட்டு வருசமாக ஒருவர் சாப்பிடாமல் மற்றவர் சாப்பிட்டதில்லை. அவர்களை வணங்குகிறோம்."

இதை எழுதும்போது அப்பாயி சுட்ட ரொட்டியும் கட்டச் சம்பலும் நினைவுக்கு வந்து, பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். தாத்தா மறுபடி தாலி கட்டும்போது அப்பாயி முகத்தை எனக்குப் பார்க்கணும் அம்மா. லீவு கேட்டிருக்கிறேன். டிக்கெட் விலை கொஞ்சம் இறங்கட்டும்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், அடுத்த மாசம் சேர்த்து அனுப்புகிறேன். லயத்துக் கூரைத் தகரத்தை அதற்குள் மாற்ற வேண்டாம், ஒழுகுகிற பக்கம் மட்டும் படங்கு போடுங்கள். தாலிக்குப் பழைய பொன்னையே உருக்கச் சொல்லி ஹட்டன் ஆசாரியிடம் மாமா பேசட்டும். இந்தியாவில் பெரிய தாத்தா பிள்ளைகளுக்கு இப்போதே எழுதுங்கள், விசா எடுக்க அவர்களுக்கு நாள் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகன்