ஓடலாம் என்பது வேறு, நிற்கலாம் என்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனின் பேருந்துத் தடங்களில் கேமரா வைத்து அபராதம் வசூலிப்பது சிறுவணிகர்களையும், மினிகாப் எனப்படும் முன்பதிவு வாடகைக் கார்களின் ஓட்டுநர்களையும் வதைக்கும் வேலை என்று தங்கள் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். இந்நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அவருடைய ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அவர் இரண்டு வெவ்வேறு அனுமதிகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு தடத்தில் வண்டி ஓட்டிச் செல்ல அனுமதி இருப்பது ஒன்று. அதே தடத்தில் வண்டியை நிறுத்த அனுமதி இருப்பது மற்றொன்று. நம்மவர்களுக்கு வரும் அபராதச் சீட்டுகளில் பல இந்த வேறுபாடு தெரியாததால் வருகின்றன என்பது என் எண்ணம்.

ஓட்டிச் செல்வதற்கான அனுமதியைத் தடத்தின் தொடக்கத்தில் உள்ள நீலப் பலகையே சொல்லிவிடுகிறது. அதில் எந்தப் படம் இருக்கிறதோ அந்த வண்டி போகலாம். நேரம் எழுதப்பட்டிருந்தால் அந்த நேரத்தில் மட்டுமே கட்டுப்பாடு. நேரமே இல்லையென்றால் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டுப்பாடு உண்டு. லண்டன் போக்குவரத்துக் கழகம் தன் முக்கியச் சாலைகளிலுள்ள தடங்கள் பலவற்றை 2020இல் சோதனையாக முழுநாள் தடங்களாக மாற்றி, 2021ஆம் ஆண்டின் இறுதியில் அதை நிரந்தரமாக்கியது. ஞாயிற்றுக்கிழமைதானே என்று நுழைந்து மாட்டிக்கொள்பவர்கள் பழைய பலகையை மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள். பேருந்துப் படம் என்பது சிவப்பு நிற டபுள் டெக்கரை மட்டும் குறிப்பதன்று. ஓட்டுநர் நீங்கலாக ஒன்பது பேரேனும் அமரும்படி அமைக்கப்பட்ட எந்த வண்டியையும் குறிக்கும். ஆகவே கோயில் தேர்த்திருவிழாவுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பதினாறு இருக்கை மினிபஸ் போகலாம். எட்டுப் பேரை மட்டும் ஏற்றக்கூடிய வேன், அத்தனை இருக்கையும் நிரம்பியிருந்தாலும், போகக் கூடாது. மோட்டார் சைக்கிள்களைக் கழகம் தன் தடங்களில் 2009 முதல் சோதனையாக அனுமதித்து 2012இல் நிரந்தரமாக்கியது. ஆனால் உள்ளாட்சி மன்றங்களின் சாலைகளில் ஒவ்வொரு மன்றத்திற்கும் ஒவ்வொரு முடிவு. உணவு கொண்டுசெல்லும் வேலை பார்க்கும் நம் மாணவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு வகைச் சாலையையும் கடக்கிறார்கள் என்பதால், பலகையில் மோட்டார் சைக்கிள் படம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடத்திலும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மினிகாப் ஓட்டுநர்களின் மனக்குறைக்கு ஒரு வரலாறு உண்டு. கறுப்பு டாக்சி போகும் தடத்தில் நாம் ஏன் போகக் கூடாது என்ற கேள்வி, 2010இல் கேம்டன் பகுதியின் சவுத்தாம்டன் ரோ சாலையில் போடப்பட்ட அபராதங்களிலிருந்து கிளம்பி, ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. ஆடிசன் லீ என்ற மினிகாப் குழுமத்தைச் சேர்ந்த ஈவன்டெக் நிறுவனம் தொடுத்த அவ்வழக்கில் 2015 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கறுப்பு டாக்சி மட்டுமே தெருவில் கைகாட்டி நிறுத்துவோரை ஏற்றலாம், அதன் கட்டணம் விதிகளால் வரையறுக்கப்பட்டது, சக்கர நாற்காலியை ஏற்றும் வசதி அதில் இருந்தாக வேண்டும்; இப்படி இரண்டும் ஒரே நிலையில் இல்லாதபோது கறுப்பு டாக்சிக்கு மட்டும் தடத்தைத் திறந்துவிடுவது ஒரு தரப்புக்கு மட்டும் அரசு தரும் சட்டவிரோதமான உதவி ஆகாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. அதே தீர்ப்பில் பலர் கவனிக்காத செய்தி ஒன்றும் இருக்கிறது. முன்பதிவு செய்த பயணியை ஏற்றவும் இறக்கவும் மினிகாப் அந்தத் தடத்திற்குள் வரலாம் என்ற விலக்கு அன்றே இருந்தது. அதாவது, தடத்தில் தொடர்ந்து ஓட உரிமை இல்லாத வண்டிக்கு, பயணிக்காக ஒரு கணம் நிற்க உரிமை உண்டு. நான் முதலில் சொன்ன வேறுபாட்டிற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனிக் கடைக்காரர்களின் பக்கம் வருவோம். கழகத்தின் முக்கியச் சாலைகளில் ஓரத்தில் இழுக்கப்பட்ட இரட்டைச் சிவப்புக் கோட்டின் பொருள், எந்த நேரத்திலும் நிறுத்தக் கூடாது என்பது. ஒற்றைச் சிவப்புக் கோடு, பலகையில் எழுதிய நேரத்தில் நிறுத்தக் கூடாது என்பது. மஞ்சள் கோட்டில் சரக்கு இறக்கப் பல இடங்களில் கிடைக்கும் சலுகை சிவப்புக் கோட்டில் கிடையாது. அதற்கென வரையப்பட்ட கட்டத்திற்குள், பலகையில் குறித்த நேரத்தில்தான் இறக்க வேண்டும். அவசர விளக்கைப் போட்டுவிட்டால் நின்றதாகக் கணக்கில்லை என்று நம் கடைத்தெருவில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை.

“இரண்டு நிமிடம்தானே” என்பார்கள். காலை எட்டு மணிக்குக் காய்கறி வேன் ஒன்று தடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து ஓட்டுநர் அதன் பின்னால் வந்து நின்று, வலப்புறக் கண்ணாடியைப் பார்த்து, நெருக்கியடித்து நகரும் கார் வரிசையில் யாராவது இடைவெளி விடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். அவ்வளவு நீள வண்டி வெளியே வளைவதற்கு ஒரு கார் விட்டுக்கொடுத்தால் போதாது. முன்பகுதி வெளியே வந்து பின்பகுதி தடத்திலேயே மாட்டிக்கொண்டால் இரண்டு வரிசையும் நின்றுவிடும். அதற்குள் சிக்னல் ஒருமுறை மாறிவிடுகிறது. பின்னால் அடுத்த பேருந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. அனுமதியில்லாத கார் ஒன்று தடத்தில் ஓடிச் சென்றால் அதனால் பேருந்துக்குப் பெரிய தாமதம் இல்லை. நிற்கும் வேனோ, அது நிற்கும் வரைக்கும் அந்தத் தடத்தையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் கேமராக்கள் ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியைத்தான் அதிகமாகத் தேட வேண்டும்.

மிதிவண்டித் தடத்தில் இதன் விளைவு தாமதத்தோடு முடிவதில்லை. தொடர்கோடு போட்ட மிதிவண்டித் தடத்தில், அது நடைமுறையில் இருக்கும் நேரத்தில், ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. விட்டுவிட்டுப் போட்ட கோடாக இருந்தால், தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே உள்ளே வரலாம். அந்த ஓரத்தில் மஞ்சள் கோட்டுக் கட்டுப்பாடு இருக்குமானால் அதற்கும் கட்டுப்பட வேண்டும். நின்ற வேனைச் சுற்றிப் போக மிதிவண்டிக்காரர் தன் முதுகுப்புறம் வரும் லாரியின் பாதைக்குள் நுழைய நேரிடுகிறது. அதே கணத்தில் வேனின் கதவு திறந்தால் அவருக்கு ஒதுங்க இடமும் இல்லை.

அபராதத்தைப் பற்றியும் ஒரு சொல். கழகத்தின் சாலைகளில் இத்தொகை 2022 ஜனவரியில் 130 பவுண்டிலிருந்து 160 பவுண்டாக உயர்ந்தது. சீட்டில் குறித்த சலுகை நாட்களுக்குள் கட்டினால் பாதி. உரிமத்தில் புள்ளி ஏறுவதில்லை. சீட்டு ஓட்டியவருக்கு வருவதில்லை, வண்டியின் பதிவு யார் பெயரில் உள்ளதோ அவருக்கே வருகிறது. கடை வேனைப் பலர் மாறி மாறி ஓட்டும் இடங்களில் முதலாளிக்கும் பணியாளருக்கும் சச்சரவு இதனால்தான். சீட்டு தவறு என்று நினைப்பவர் முதலில் எழுத்தில் மறுப்புத் தெரிவித்து, அது நிராகரிக்கப்பட்டால் லண்டன் தீர்ப்பாயத்தில் கட்டணமின்றி மேல்முறையீடு செய்யலாம். பலகை மரக்கிளையால் மறைந்திருந்தது, கோடு அழிந்திருந்தது என்பன கேட்கத்தக்க வாதங்கள். அன்றே படம் எடுத்து வைத்திருந்தால் அவற்றிற்கு வலுக் கூடும். எல்லோரும் இப்படித்தான் நிறுத்துகிறார்கள் என்பது வாதமாகாது.

கடை வாசலில் சரக்கு இறக்க இடமே இல்லை என்ற குறை உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குறையைச் சொல்ல வேண்டிய நேரம் சீட்டு வந்த பிறகு அன்று. தடத்தை அமைப்பதற்கோ அதன் நேரத்தை மாற்றுவதற்கோ நிரந்தர ஆணை பிறப்பிக்கும் முன் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் தெரிவிக்க இருபத்தொரு நாள் அவகாசம் தர வேண்டும். விளக்குக் கம்பத்தில் கட்டித் தொங்கும் அந்தத் தாளை நம் கடைக்காரர்கள் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நெரிசல் நேரம் முடிந்தபின் சரக்கு இறக்கக் கட்டம் வேண்டும், அல்லது பக்கத்துத் தெருவில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று தெருவிலுள்ள வணிகர்கள் சேர்ந்து அந்த இருபத்தொரு நாட்களுக்குள் எழுதிக் கொடுத்தால், அதிகாரிகள் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். வணிகர் சங்கங்கள் இதை முன்னின்று செய்யலாம். அத்தகைய அறிவிப்புகள் வெளிவரும்போது அவற்றின் சாரத்தைத் தமிழில் தங்கள் இதழிலும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
கிழக்கு லண்டன்.