பொருளை நாமே படைக்கிறோமா? பகுத்தறிவு மன்றத் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பகுத்தறிவு மன்றங்களின் மேடைகளிலும் வாசிப்பு வட்டங்களிலும் உரையாற்றும் தோழர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கூட்டங்களில் கேள்வி நேரம் வந்தால் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. கடவுள் இல்லை என்றால் இந்த வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்பார். "வாழ்வுக்கென்று தனியாகப் பொருள் எதுவும் கிடையாது, நாம்தான் அதற்குப் பொருள் கொடுக்கிறோம்" என்று மேடையிலிருந்து பதில் வரும். கைதட்டல் எழும், கூட்டம் அடுத்த கேள்விக்குப் போய்விடும். நானும் கடவுள் நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனாலும் அந்தப் பதில் போதாது என்றும், நம்மிடம் இருக்கிற வலுவான பதிலை அது மறைத்துவிடுகிறது என்றும் கருதுவதால் இதை எழுதுகிறேன்.

மேடையில் சொல்லப்படும் அந்தப் பதிலைத் தத்துவத்தில் அகவயப் பார்வை என்பார்கள். ஒருவர் எதை மனதார விரும்பிச் செய்கிறாரோ அதுவே அவர் வாழ்வுக்குப் பொருள் தருகிறது, அந்த விருப்பத்துக்கு வெளியே வேறு அளவுகோல் இல்லை என்பது அதன் சாரம். இதை ஒளிவுமறைவின்றி அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் அமெரிக்கத் தத்துவவாதி ரிச்சர்ட் டெய்லர். மலையுச்சிக்கு ஒரு பாறையை உருட்டிச் செல்வதும், அது உருண்டு விழுந்ததும் மறுபடி உருட்டுவதுமாக முடிவின்றித் தண்டிக்கப்பட்ட கிரேக்கப் புராணத்துச் சிசிபஸை 1970இல் எழுதிய நூலொன்றில் அவர் எடுத்துக்கொண்டு, கதையில் ஒரேயொரு மாற்றம் செய்தார். தேவர்கள் இரக்கப்பட்டு, பாறை உருட்டுவதில் தீராத ஆசையை உண்டாக்கும் ஒரு மருந்தை அவன் உடலுக்குள் செலுத்திவிடுகிறார்கள். பாறை அதே பாறை, மலையும் அதே மலை, உச்சியில் எதுவும் கட்டப்படப் போவதில்லை. ஆனால் இப்போது அவன் விரும்புவதும் அவனுக்குக் கிடைப்பதும் ஒன்றாகிவிட்டன. இனி அவன் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்று டெய்லர் முடிவு செய்கிறார்.

இந்த முடிவை நம்மால் ஏற்க முடியுமா? நம் இயக்கத்தின் அன்றாட வேலையே அதற்கு எதிராக நிற்கிறது. நடிகரின் கட்-அவுட்டுக்குப் பாலூற்றுவதில் இளமையைச் செலவழிக்கும் இளைஞனிடம், இது வீண் என்று சொல்பவர்கள் நாம். சோதிடரின் சொல்லுக்காக வீட்டு வாசலை இடித்துத் திருப்பி வைப்பவரிடமும் அதையே சொல்கிறோம். இவர்கள் யாரும் அரைமனதாக இவற்றைச் செய்யவில்லை. மனதார விரும்புவதுதான் பொருளின் ஒரே அளவுகோல் என்றால் அவர்கள் வாழ்வு பொருளால் நிரம்பி வழிகிறது, அதில் தலையிட நமக்கு எந்த நியாயமும் இல்லை. ஒரு மனிதன் தன் ஆர்வத்தையும் காலத்தையும் அதற்குத் தகுதியில்லாத ஒன்றின்மேல் கொட்டிவிட முடியும் என்று நாம் நம்புவதால்தான் பேசுகிறோம், எழுதுகிறோம். அப்படி நம்புகிறவர்கள், சில காரியங்கள் விருப்பத்தைச் சாராமலே மதிப்புடையவை, சில அப்படியல்ல என்ற புறவயப் பார்வையை ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள்.

அகவயப் பார்வையின் இன்னொரு குறை இதைவிட ஆழமானது. அதை விளக்க, பிறப்பிலிருந்தே மதநம்பிக்கை இல்லாமல் வளர்க்கப்பட்ட ஒருவரின் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1806இல் லண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மில் மகனுக்கு எந்த மதத்தையும் ஊட்டவில்லை. மதத்தைக் கைவிட்டவனல்ல, அது ஒருபோதும் இல்லாதிருந்தவன் என்று மில் பின்னாளில் தன்னைப் பற்றி எழுதினார். 17 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உலகைச் சீர்திருத்துவது என்பதே வாழ்வின் குறிக்கோள் என்று உறுதி செய்திருந்தார், அதில் மகிழ்ச்சியும் கண்டிருந்தார்.

1826 இலையுதிர்காலத்தில், 20 வயதில், மனம் மங்கியிருந்த ஒரு நேரத்தில் அவர் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். நீ விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால், அது உனக்குப் பெருமகிழ்ச்சி தருமா? இல்லை என்று உள்ளிருந்து தெளிவாகப் பதில் வந்தது. அவர் வாழ்வு கட்டப்பட்டிருந்த அடித்தளம் முழுவதும் சரிந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பழக்கத்தின் பலத்தில் மட்டும் இயந்திரம்போல் வேலைகளைச் செய்தார். விவாத மன்றத்துக்கு உரைகள்கூட எழுதினார், ஆனால் எதிலும் உணர்வு ஒட்டவில்லை. இசை ஒருநாள் தீர்ந்துபோகுமோ என்ற கவலைகூட அவரைப் பீடித்தது. ஒரு ஸ்தாயியில் இருப்பவை ஐந்து முழுச் சுரங்களும் இரண்டு அரைச் சுரங்களும்தானே, அவற்றைச் சேர்க்கும் வழிகளுக்கு ஓர் எல்லை உண்டல்லவா, அழகான சேர்க்கைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருக்குமே என்று கணக்குப் போட்டு வருந்தினார். சோர்வுற்ற மனம் எப்படியெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பதிவை நான் படித்ததில்லை.

இனி அகவயப் பார்வையை இந்த மாதங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். விருப்பம் வற்றியது, ஆகவே பொருளும் வற்றியது என்றுதான் அது சொல்ல முடியும். அந்த இளைஞர் அதுவரை எதற்காக உழைத்தாரோ அது மதிப்புள்ளதா என்ற கேள்விக்கு அதனிடம் பதிலே இல்லை. ஆனால் சட்டங்கள் நியாயமாக வேண்டும் என்பதன் மதிப்பு அந்தக் குளிர்காலத்தில் ஓர் அணுவும் குறையவில்லை. அதை உணரும் திறன்தான் மில்லிடம் குறைந்திருந்தது. அவர் மீண்ட விதமும் இதையே காட்டுகிறது. மார்மோன்தேல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக் குறிப்புகளைத் தற்செயலாகப் படித்தபோது, தந்தை இறந்த வீட்டில் சிறுவனாக இருந்த அவர், இனி இக்குடும்பத்துக்கு எல்லாமாக நானே இருப்பேன் என்று உணரும் இடத்தில் மில்லுக்குக் கண்ணீர் வந்தது. தன்னுள் உணர்வு சாகவில்லை என்று அந்தக் கணத்தில் அறிந்தார். பிறகு 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவருக்குத் துணைவந்தன. இதில் எங்கும் கடவுள் வரவில்லை. அவர் புதிதாக எந்த மதிப்பையும் படைத்துக்கொள்ளவுமில்லை, இருந்ததோடு மீண்டும் தொடர்பு பெற்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாசிப்பு வட்டத்தில், நடுவயதுப் பெண் ஒருவர் தயங்கித் தயங்கிப் பேசினார். பக்கவாதத்தில் படுத்த மாமியாரை நெடுங்காலம் பார்த்துக்கொண்டவர் அவர். புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும், கஞ்சியைத் தொண்டையில் சிக்காமல் கரண்டி கரண்டியாகக் கொடுப்பதுமாகவே அவர் நாட்கள் போயின. அன்பினால் செய்ததாகச் சொல்ல மாட்டேன், கடைசிக் காலத்தில் எனக்குள் ஒன்றுமே இல்லை, அப்படியானால் அந்த வருடங்களுக்குப் பொருள் இல்லையா என்று கேட்டார். பொருளை நாம்தான் கொடுக்க வேண்டும் அம்மா என்று பேச்சாளர் வழக்கமான பதிலைச் சொன்னார். கொடுக்க என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்பவருக்கு அந்தப் பதில் எவ்வளவு கொடியது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மனித உடலின் வலியைக் குறைத்த ஒவ்வொரு இரவும் மதிப்புடையது, உங்கள் மனம் அப்போது என்ன உணர்ந்தது என்பதைப் பொறுத்ததல்ல அது என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லக் கடவுள் தேவையில்லை, புறவயப் பார்வை தேவை.

அதே சமயம் அவர் இழந்தது ஒன்றுமில்லை என்றும் நாம் சொல்லக் கூடாது. சூசன் வுல்ஃப் என்ற தத்துவவாதி 2010இல் வெளியான தம் நூலில் இரண்டையும் இணைக்கிறார். மதிப்புள்ள ஒன்றின்மேல் ஒருவருக்கு ஈடுபாடு உண்டாகி, அதோடு அவர் செயல்வழியே பிணையும்போதுதான் வாழ்வில் பொருள் பிறக்கிறது என்பது அவர் நிலைப்பாடு. மருந்து ஏற்றப்பட்ட சிசிபஸிடம் ஈடுபாடு உண்டு, மதிப்புள்ள செயல் இல்லை. அந்தக் குளிர்காலத்து மில்லிடம் மதிப்புள்ள செயல் உண்டு, ஈடுபாடு இல்லை. இருவரிடமும் ஏதோ குறைகிறது என்ற நம் உள்ளுணர்வை இது சரியாக விளக்குகிறது. எனினும் இரண்டும் சமமான குறைகள் என்று நான் ஏற்கவில்லை. அந்தப் பெண்மணியின் வருடங்களைச் சிசிபஸின் பாறையோடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

இந்த இடத்தில் நம்பிக்கையாளர்கள் நம்மை மடக்குவார்கள். அவர்கள் கேள்வி மதிக்கத்தக்கது. சாவு எல்லாவற்றையும் துடைத்துவிடும்போது மதிப்பு எங்கே நிற்கும் என்பது முதல் கேள்வி. ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 50 வயதை நெருங்கும்போது இதில்தான் சிக்கினார். சமாரா மாநிலத்தில் 6,000 தெசியாத்தினா நிலம், அதாவது சுமார் 16,000 ஏக்கர், 300 குதிரைகள், உலகப் புகழ், சரி, அதற்குப் பிறகு என்ன என்று கேட்டார். தூக்கிட்டுக்கொள்வோமோ என்று அஞ்சிக் கயிற்றைத் தன் கண்ணில் படாமல் மறைத்து வைத்தார், துப்பாக்கியோடு வேட்டைக்குப் போவதையும் நிறுத்தினார். இறுதியில் எளிய உழவர்களின் நம்பிக்கையில் விடை கண்டார். அவர் வேதனையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர் வாதத்துக்குத் தத்துவவாதி தாமஸ் நேகல் 1971இல் நேரான பதில் சொன்னார். பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு நம் செயல் எதற்கும் பொருட்டில்லை என்றால், அந்தப் பொருட்டின்மையும் இப்போது பொருட்டல்ல. தொண்டையில் சிக்காமல் போன ஒரு கரண்டிக் கஞ்சி நிலைத்திருக்க வேண்டிய அவசியமில்லை, அது அப்போதே தன் வேலையைச் செய்துவிட்டது.

கடவுள் ஒரு நோக்கம் வகுத்துத் தராவிட்டால் மதிப்பு எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது கேள்வி. நோக்கம் தரப்படுவது மட்டும் போதாது என்பதைத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1981இல் காட்டினார். மனித இனம் விண்வெளிப் பயணிகளுக்கு உணவாவதற்கென்றே படைக்கப்பட்டதாகத் தெரியவந்தால், நமக்கு ஒரு நோக்கம் கிடைத்துவிட்டது என்று யாரும் நிறைவடைய மாட்டோம். தரப்படும் நோக்கம் நல்லதாக இருக்க வேண்டும். நல்லது என்று நாம் அதை அடையாளம் காண்பதற்கு, நோக்கம் தந்தவரின் விருப்பத்தைச் சாராத ஓர் அளவுகோல் வேண்டும். தேவர்களின் மருந்து சிசிபஸுக்குப் பொருள் தர முடியாததற்கும், தேவர்களின் ஆணை மட்டும் பொருள் தர முடியாததற்கும் காரணம் ஒன்றே: விருப்பம் எவருடையதானாலும் அது மட்டுமே மதிப்பை உண்டாக்காது.

ஆனால் கணக்கு இத்துடன் நமக்குச் சாதகமாக முடிந்துவிட்டதாக மேடையில் சொல்லாதீர்கள். புறவய மதிப்பு எதனால் புறவயமாகிறது என்பதற்குத் தன்னிடம் முழுமையான கோட்பாடு இல்லை என்று வுல்ஃபே ஒப்புக்கொள்கிறார். அந்தக் கடன் நம் பக்கம் நிற்கிறது. கடவுள் இருந்தால் மட்டுமே பொருள் உண்டு என்ற தீவிர நிலைப்பாட்டையும், கடவுள் இருந்தால் பொருள் இன்னும் பெரிதாகும் என்ற மிதமான நிலைப்பாட்டையும் தத்துவவாதி தாடியஸ் மெட்ஸ் பிரித்துக் காட்டுகிறார். இதுவரை சொன்னவை முதலாவதைத்தான் அசைக்கின்றன. அநீதியில் மாண்டவர்களுக்கு என்றாவது நியாயம் கிடைக்கும் என்று நம்புகிற ஒருவரிடம், அப்படி ஒன்று இருந்தால் நல்லதுதான், இருக்கிறது என்று எண்ணக் காரணம் இல்லை என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்.

உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை அந்தக் கேள்வி வரும்போது, பொருளை நாமே படைக்கிறோம் என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். கேட்பவரிடம், அவர் செய்பவற்றில் எது தன் விருப்பம் போனாலும் செய்யத் தகுந்ததாகவே இருக்கும் என்று கேளுங்கள். கைதட்டலுக்கு முன் அவர் யோசித்துப் பதில் சொல்ல நேரம் கொடுங்கள், அந்தப் பதிலிலிருந்து உங்கள் உரையைத் தொடருங்கள்.

அன்புடன்,
உங்கள் கூட்டங்களில் பின்வரிசையில் அமரும் தோழன்