திருப்பணி நிறைவு அறிக்கை: கம்பிக் கணக்கு பற்றிய விளக்கம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். முன்மண்டபத் தள வேலை முடிந்து கணக்கும் முடித்துவிட்டோம். அதில் கம்பிக்கான பில் தொகையும் நாங்கள் கொடுத்த தொகையும் வேறாக இருப்பதைப் பார்த்துப் பலரும் கேட்டீர்கள். நடந்தது இதுதான்.

நாங்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் 12 எம்எம் கம்பி 1,000 கிலோ, கிலோ 62 ரூபாய். 8 எம்எம் கம்பி 500 கிலோ, கிலோ 63 ரூபாய். இரண்டும் ஒரே லோடில் வந்தன. கூட வந்த டெலிவரி சலான் கையால் எழுதியது. அதில் கிலோ இல்லை, கம்பி எண்ணிக்கைதான் இருந்தது. நமக்குக் கிடைத்தது கார்பன் பிரதி. 12 எம்எம் வரியில் இருந்த எண் 94 என்றும் படிக்கலாம், 99 என்றும் படிக்கலாம். பிறகு வந்த பில்லில் 99 என்று எடுத்து, 1,055 கிலோவுக்கு 65,410 ரூபாய் போட்டிருந்தார்கள்.

அதே சலானில் தேதியிலும் வண்டி எண்ணிலும் 4 இருந்தது. எழுதியவர் 4-இன் தலையை மூடியே எழுதுபவர் என்று அப்போதுதான் தெரிந்தது. கணக்கும் அதையே சொன்னது. 12 மீட்டர் நீளமுள்ள 12 எம்எம் கம்பி ஒன்று சுமார் 10.66 கிலோ இருக்கும். 94 கம்பி என்றால் 1,002 கிலோ, ஆர்டரோடு ஒட்டி வருகிறது. 1,000 கிலோ கேட்ட இடத்துக்கு 99 கம்பி ஏற்ற வேண்டிய காரணமே இல்லை.

எடையை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. இந்த அளவுக் கம்பியில் எடை 5 சதவீதம் கூடக் குறைய இருக்க இந்தியத் தரநிலை இடம் தருகிறது. 94-க்கும் 99-க்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய அவ்வளவுதான். நல்ல வேளையாக, இறக்கிய அன்றே நம் காவலர் ஒவ்வொரு கம்பியின் முனையிலும் சுண்ணாம்பு தொட்டு எண்ணி, சலானின் பின்புறம் "தொண்ணூற்று நான்கு" என்று எழுத்தால் எழுதி, டிரைவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அவருக்குக் கமிட்டி கடமைப்பட்டிருக்கிறது.

ஆனால் ஆர்டர் கிலோ கணக்கில் போட்டது. அதனால் பணம் எடைமேடைச் சீட்டின்படிதான். 12 எம்எம்மை இறக்கிய பிறகு வண்டியை மறுபடி எடை போட்டதால் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தது: 990 கிலோ, 498 கிலோ.

அப்புறம் ரேட். சலானில் 12 எம்எம்முக்கு 62 எழுதி, 8 எம்எம் வரியில் மேற்படி என்பதற்கு இரண்டு கோடு மட்டும் இழுத்திருந்தது. அதை 62 என்று எடுத்தால் நமக்கு லாபம்தான். ஆனால் பேசியது 63. ஆர்டரில் இருப்பதும் அதுதான். 63 வீதமே 31,374 ரூபாய் கொடுத்தோம். 12 எம்எம்முக்கு 61,380 ரூபாய். பில்லில் கூடுதலாக இருந்த 4,030 ரூபாய்க்கு எண்ணிக்கைச் சீட்டைக் காட்டினோம், கடைக்காரர் கிரெடிட் நோட் கொடுத்துவிட்டார்.

ஆர்டரில் இன்னும் 10 கிலோவும் 2 கிலோவும் பாக்கி நிற்கிறது. இரண்டுமே ஒரு முழுக் கம்பிக்குக்கூட வராது என்பதால் ஆர்டரை அப்படியே முடித்துவிட்டோம்.