கரும்பு வெட்டும் தொழிலாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களே,

இவ்வாண்டுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது சிறுநீரகத்தைப் பற்றி.

பங்குனியில் சோழவந்தான் பக்கம் வெட்டுக்குப் போன நம் உறுப்பினர் ஒருவருக்கு வயது 38. சர்க்கரை நோயோ ரத்தக்கொதிப்போ கிடையாது. இடுப்பு வலிக்கு இரண்டு வாரமாக டைக்ளோஃபெனாக் மாத்திரை விழுங்கியிருக்கிறார். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனதை உடம்புச் சூடு என்று விட்டுவிட்டார். முகாமில் ரத்தம் எடுத்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 2.1. ஆண்களுக்கு ஏறக்குறைய 1.3க்குள் இருக்க வேண்டும். அன்றே இன்னொரு தம்பிக்கு 1.6 வந்தது.

இருவரையும் வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தி, நன்றாகத் தண்ணீர் குடிக்கவைத்து, மறுபடி பார்த்தோம். தம்பிக்கு 1.0க்கு இறங்கியது, அது வெறும் நீர்வற்றல். மூத்தவருக்கோ மூன்று மாதம் கழித்தும் 1.8. வயதையும் சேர்த்துக் கணக்கிட்ட மருத்துவர், வடிகட்டும் திறன் பாதிதான் மிஞ்சியிருக்கிறது என்றார். அவருக்கு வீக்கம் இல்லை, சிறுநீரில் புரதமும் இறங்கவில்லை. இந்த வகை நோயில் அப்படித்தான் இருக்குமாம். ஆகவே சிறுநீர்ப் பட்டை சோதனையை மட்டும் நம்பாதீர்கள், ரத்தம் கொடுங்கள்.

எல் சால்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்பு வெட்டாளர்களிடமும் இதே நோய் பரவியிருக்கிறது. காரணம் இன்னும் முழுதாக முடிவாகவில்லை. வெயிலில் நாள்தோறும் உடம்பு வற்றுவதே முதன்மையாகச் சந்தேகிக்கப்படுகிறது. வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைவாகத்தான் போகும். அந்த நேரத்தில் இத்தகைய வலி மாத்திரை அதை இன்னும் குறைத்துவிடுகிறது.

நம் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். தோகை கிழிக்காமல் இருக்க முழுக்கைச் சட்டை. கரும்புக்குள் காற்றே கிடையாது. குடம் வரப்பில் இருக்கும், ஆள் நடுக்காட்டில் நிற்பார். டன் கணக்கில் கூலி என்பதால் நடந்துபோய்க் குடிக்க மனம் வராது. ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் வேண்டுமென்றே தாகத்தை அடக்குகிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

எனவே இந்த வெட்டுக்கு மேஸ்திரிகளிடம் சங்கம் கேட்பது: விடியலில் தொடங்கி உச்சிக்கு முன் நிறுத்த வேண்டும். குடம் வெட்டோடு கூடவே நகர வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் போதும். தாகம் வரும்வரை காத்திருந்து ஒரே மூச்சில் செம்பு செம்பாகக் குடிப்பதில் பயனில்லை. உப்புப் போட்ட கஞ்சியோ மோரோ இடையில் வேண்டும். நிழலுக்கு ஒரு பந்தலும், பெண்களுக்கு மறைப்பும் வேண்டும். வெட்டுக்கு முன்னும் முடிந்த பின்னும் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரண்டாவது சோதனையை வேலை முடிந்த அன்றே எடுக்காமல், சில நாள் ஓய்வுக்குப் பின் எடுக்க வேண்டும்.

அந்த மூத்த உறுப்பினர் இப்போது அரிவாளைத் தொடுவதில்லை. வாங்கிய முன்பணம் மட்டும் அவர் தலைமேல் நிற்கிறது. அதைச் சங்க நிதியிலிருந்து அடைக்க இந்தக் கூட்டம் ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்