வினைமுற்றைத் திருத்த வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வன்னியிலிருந்து எழுதுவோரின் கவிதைகள் இதழ்களில் அச்சேறும்போது, பேச்சு வழக்கு வினைகள் எழுத்துத் தமிழுக்கு மாற்றப்படுவதை அடிக்கடி காண்கிறோம். எழுத்துப்பிழை களைவதாக நினைத்தே இதைச் செய்கிறார்கள். ஆனால் கவிதை சொல்ல வந்ததே மாறிவிடுகிறது. மாதிரிக்கு நானே மூன்று வரி எழுதிக் காட்டுகிறேன்.

பின்னேரம் வந்தாங்கள்.
பேர் கேட்டாங்கள்.
கூட்டிக்கொண்டு போட்டாங்கள்.

இது திருத்தப்பட்டால் இப்படி வரும்: "மாலையில் வந்தனர். பெயர் கேட்டனர். அழைத்துச் செல்லப்பட்டார்."

எங்கள் பேச்சில் ஆட்களைப் பன்மையில் சொல்ல மூன்று முடிவுகள் உண்டு. சம்பந்தம் பேச வந்தவர்களை "வந்தினம்" என்போம். அதில் மதிப்பு இருக்கிறது. "வந்தாங்கள்" என்றால் அந்த மதிப்பு இல்லை. "வந்துதுகள்" என்பதில் இரக்கமும் இருக்கலாம், இளக்காரமும் இருக்கலாம். பசியோடு வரும் குழந்தைகளையும் அப்படித்தான் சொல்வோம். "வந்தனர்" என்று எழுதிவிட்டால் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. வந்தவர்கள் யார் என்று அந்த வரிகள் பெயர் சொல்லவில்லை, சீருடையைச் சொல்லவில்லை. பெயர் சொல்வது ஆபத்தாக இருந்த காலத்தில், சொல்பவர் அவர்களை எப்படி மதித்தார் என்பதை ஒரு விகுதி சொல்லிவிட்டது.

இதிலும் அவசரப்பட்டுப் பொருள் கொள்ளக்கூடாது. "பெடியங்கள் பந்தடிக்க வந்தாங்கள்" என்பதில் வெறுப்பு இல்லை, நெருக்கம்தான். அதனால் முடிவை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து வரியையும் பார்க்க வேண்டும். தெரிந்த பெடியங்கள் வீட்டுக்கு வந்து பேர் கேட்பதில்லை. "பேர் கேட்டாங்கள்" என்ற இரண்டாம் வரிதான் முதல் வரியின் "வந்தாங்கள்" எந்த வகை என்று காட்டுகிறது. சிலர் "வந்தினம்" என்று தொடங்கி "போட்டாங்கள்" என்று முடிப்பார்கள். வாசலுக்கு வந்தபோது இருந்த மரியாதை போகும்போது இல்லை. இடையில் என்ன நடந்தது என்பதைக் கவிதை அந்த மாற்றத்திலேயே சொல்லிவிடுகிறது. ஒரே கவிதையில் இரண்டு முடிவு ஏன் என்று அச்சுப்படி பார்ப்பவர் ஒன்றாக்கிவிட்டால் அந்தக் கவிதையே போய்விடும்.

மூன்றாம் வரிக்கு நேரும் சேதம் இன்னும் பெரியது. "அழைத்துச் செல்லப்பட்டார்" என்பதில் செய்தவன் இல்லை. "கூட்டிக்கொண்டு போட்டாங்கள்" என்பதில் எழுவாய் இல்லாவிட்டாலும் செய்தவன் வினைக்குள்ளேயே நிற்கிறான். பொலிஸ் முறைப்பாட்டிலும் பத்திரிகைச் செய்தியிலும் நமக்குப் பழகிப்போன செயப்பாட்டு வினை, குற்றத்தை ஆளில்லாத நிகழ்ச்சியாக ஆக்கிவிடும். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் 2017 பெப்ரவரியில் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாருக்கு இது நன்றாகத் தெரியும். "காணாமல் போனோர்" என்று சொல்லாதீர்கள், "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்று சொல்லுங்கள் என அவர்கள் விடாமல் வலியுறுத்துவது, செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதற்காகத்தான். அதுவும் செயப்பாட்டு வினைதான், ஆனால் "போனோர்" என்பது போலத் தானாக நடந்ததாகக் காட்டுவதில்லை.

1960களின் தொடக்கத்தில் இலங்கையில் நடந்த மரபுப் போராட்டத்தின்போது, பேச்சுத் தமிழில் எழுதியவற்றை "இழிசனர் வழக்கு" என்று பண்டிதர்கள் ஒதுக்கினார்கள். இன்று யாரும் அப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அச்சுப்படியில் விழும் கோடுகள் அதே வேலையைத்தான் செய்கின்றன.

வட்டார வழக்கை ஆதரிக்கும் ஆசிரியர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே எழுதுகிறார்கள். அவர்களுடைய கவிதையில் பாட்டி "வர்றேன்" என்பாள், பேத்தி "வாறன்" என்பாள். வன்னிக் கவிதைதானே என்று பாட்டியின் பேச்சையும் "வாறன்" ஆக்கிவிடுகிறார்கள். பாட்டி தன் பேச்சை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் "தோட்டக்காட்டான்" என்ற வசை கேட்டு வளர்ந்த பேத்தி தன் பேச்சை மாற்றிக்கொண்டாள். அந்தக் கவிதை நடப்பதே அந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான். யாழ்ப்பாணப் பேச்சை அளவுகோலாக வைத்து வன்னியைத் திருத்துவதும், வன்னியை வைத்து மலையகத்தாரைத் திருத்துவதும் ஒன்றுதான்.

ஒலிப்பு எழுத்தில் இத்தனை கண்டிப்பு வேண்டியதில்லை. "எண்டு" என்பதா "என்டு" என்பதா என்பதில் ஒரு கவிதைக்குள் ஒரே முறை இருந்தால் போதும். எல்லாச் சொல்லையும் பேச்சொலிக்கு வளைத்தால் வாசகர் ஒலியைக் கூட்டி வாசிப்பதிலேயே களைத்துப்போவார். வினைமுற்று, விளி, "இரு – இரும் – இருங்கோ" போன்ற ஏவல் ஆகிய மூன்றையும் மட்டும் எழுதியவரைக் கேட்காமல் தொடாதீர்கள். விளங்காத சொல் இருந்தால் அடிக்குறிப்புப் போடலாம். அச்சுக்குப் போகுமுன் திருத்திய படியை ஒருமுறை கவிஞருக்கு அனுப்பினால் போதும். அவர் "வேண்டாம்" என்று கோடிட்டால் அந்த இடத்தை அவர் எழுதியபடியே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கவிதைப் பக்கத்தை விடாமல் வாசிக்கும் ஒருவர்,
கிளிநொச்சி