வயர்மேன் ஒருவர்தான், இலக்கம் இரண்டு: பெறுகைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகப் பிரதேச சபைகளின் பெறுகைக் குழுக்களுக்கும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுக்களுக்கும்,

வணக்கம். ஹட்டன் பக்கம் ஆறு பேரை வைத்து வயரிங் வேலை செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ஒரு கட்டடத்துக்கு வயரிங் மாற்றும் வேலைக்குப் போன வருடம் விலைமனு போட்டோம். என்.வி.கியூ. மூன்றாம் மட்டம் முடித்த மின்னிணைப்பாளர் இருவர் வேண்டும், சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியும் அடையாள அட்டைப் பிரதியும் இணைக்க வேண்டும் என்று பத்திரத்தில் இருந்தது. எல்லாவற்றையும் இணைத்தோம். எங்கள் விலைதான் குறைவு. இருந்தும் தள்ளிவிட்டார்கள். காரணம் கேட்டபோது, "சான்றிதழில் உள்ள ஆளும் அடையாள அட்டையில் உள்ள ஆளும் ஒருவரல்ல" என்றார்கள்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் மூத்த வயர்மேன் சோதனை எழுதியபோது அவரிடம் இருந்தது ஒன்பது இலக்கமும் கடைசியில் 'வி' எழுத்தும் உள்ள பழைய அடையாள அட்டை. சான்றிதழில் அதுவே பதிவானது. பிறகு அட்டை தொலைந்து புதிது எடுத்தார், அதில் 12 இலக்கம். 2016 முதல் புதிய அட்டைகளுக்கு 12 இலக்கம்தான் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே இலக்கம் என்பதை மேசையில் வைத்தே பார்த்துவிடலாம். பழைய இலக்கத்துக்கு முன்னால் 19 போடுங்கள், பழையதின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பூச்சியம் சேருங்கள், கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள். அவர் 1982இல் பிறந்தவர்: பழையது 82 என்று தொடங்கும், புதியது 1982 என்று தொடங்கும், அடுத்த மூன்று இலக்கம் இரண்டிலும் ஒன்றே. பேனா எடுத்தால் அரை நிமிட வேலை.

பெயரிலும் அதே கதைதான். தோட்டத்தில் பிறப்பைப் பதிந்தவர் சிங்களத்தில் எழுதியிருப்பார், பாடசாலையில் தமிழில், பயிற்சி நிலையத்தில் ஆங்கிலத்தில். சிவலிங்கம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் 'எச்' இருக்கும், இன்னோரிடத்தில் இருக்காது. தகப்பன் பெயர் ஒன்றில் முழுதாக வரும், இன்னொன்றில் தலைப்பெழுத்தாகச் சுருங்கிவிடும். எங்கள் ஆறு பேரில் நால்வருக்கு இந்தச் சிக்கல் உண்டு.

அந்த அடிக்குப் பிறகு ஆளுக்கு ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். மூலச் சான்றிதழ் அவரவர் வீட்டில்தான் இருக்கும், அதை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது சரியில்லை. எங்களிடம் இருப்பது முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஸ்கேன் செய்த பிரதி, பழைய அட்டையின் பிரதி கிடைத்தால் அதுவும், இரண்டு இலக்கமும் எல்லாப் பெயர் வடிவமும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி. இதை ஒரு தடவை செய்தால் போதும். உறுதிப்படுத்திய பிரதிகள் அப்படியல்ல. சில பத்திரங்கள் அண்மைத் திகதி கேட்கின்றன. அதனால் ஸ்கேனை மட்டும் தயாராக வைத்து, விலைமனுப் பத்திரம் வாங்கிய அன்றே பிரதி எடுத்துக்கொண்டு சமாதான நீதவானிடம் ஓடுகிறோம். மழை பெய்து பாதை மூடினால் அந்த நாளும் போச்சு.

நீங்கள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறீர்கள் என்பதும் புரிகிறது. வேலைக்கே வராத ஒருவரின் சான்றிதழை வாடகைக்கு எடுத்து இணைப்பவர்கள் இருக்கிறார்கள், அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அப்படி வாடகைக்குச் சான்றிதழ் கொடுப்பவரின் சான்றிதழும் அடையாள அட்டையும் அச்சொட்டாகப் பொருந்தும். எழுத்துப் பிழையைத் தேடினால் அவர் தப்பிவிடுவார், எங்கள் ஆள்தான் மாட்டுவார். வாடகைச் சான்றிதழைப் பிடிக்க வேண்டுமென்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு நாங்கள் மாதந்தோறும் அனுப்பும் 'சீ' படிவத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு ஊழியரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கட்டிய தொகையும் அதில் இருக்கும். கடைசி மூன்று மாதப் படிவத்தில் இல்லாத ஆள் எங்கள் ஆள் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் என்றால் மட்டும் அவர் கைப்பட ஒப்பமிட்ட சம்மதக் கடிதம் கேட்கலாம்.

அப்புறம், விலையும் வேலையின் தன்மையும் மாறாத விஷயத்தில் விலைமனு போட்டவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்க உங்கள் பத்திரங்களிலேயே இடமிருக்கிறது. எங்களிடம் அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சத்தியக் கடதாசி மறுநாளே உங்கள் மேசைக்கு வந்திருக்கும்.

அடுத்த பத்திரத்தை அச்சிடும்போது ஊழியர் தகைமைப் பகுதியில் இரண்டு வரி சேருங்கள்: பழைய, புதிய அடையாள அட்டை இலக்கங்கள் ஒத்துப்போனால் ஏற்கப்படும், பெயர் எழுத்து வேறுபாட்டுக்குச் சத்தியக் கடதாசி போதும்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு வயரிங் ஒப்பந்தக்காரர்