பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்: பொம்மலாட்டமும் தின்பண்டப் பெட்டியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழாவிலும் கட்டுரைப் போட்டியிலும் பரிசு வாங்கிய எல்லோருக்கும் வாழ்த்துகள்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஓசூர் பக்கத்துக் கிராமத்துச் சிறுவர்களுக்காக நடத்திய பொம்மலாட்டத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய காலுறையில் செய்த கைப்பொம்மைகள், வசனமும் பிள்ளைகளே எழுதியது.

கடைவாய்ப்பல்: "மிட்டாயே, சாப்பிட்டு முடிச்சாச்சே, இன்னும் ஏன் போகலை?"

கடலைமிட்டாய்: "உன் மேல பள்ளம் பள்ளமா இருக்கு. உட்கார்ந்தா எழுந்திருக்க முடியலை."

கிருமி: "இருங்க அண்ணே! உங்க சர்க்கரையைத் தின்னுட்டு நான் அமிலம் கக்கணும்."

எச்சில்: "அரை மணி நேரம் விடுங்க, கழுவிடறேன்."

கிருமி: "அதுக்குள்ள அடுத்த துண்டு வந்துடும்!"

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "வெல்லத்துல செஞ்சதுதானே, அதுவுமா?" என்று கேட்டாள். வெல்லமும் கிருமிக்குச் சர்க்கரைதான் என்று பல் பொம்மையே பதில் சொன்னது.

அடுத்த துண்டு வந்துவிடும் என்று கிருமி சொன்ன அந்தக் கடைசி வசனத்தில்தான் விஷயமே இருக்கிறது. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே பல்லை அதிகம் பாதிக்கிறது. ஒரு கடலைமிட்டாயை மதியச் சாப்பாட்டோடு தின்று வாய் கொப்பளித்தால் அமிலம் ஒரு முறை சுரக்கும். அதையே நாலாக உடைத்து ஒவ்வோர் இடைவேளையிலும் தின்றால் நாலு முறை. எச்சில் பல்லைச் சரிசெய்ய நேரமே கிடைக்காது. ஈறோரம் சுண்ணாம்பு தடவியதுபோல வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதுதான் தொடக்கம். அப்போது ஃபுளோரைடு பற்பசையால் ஒழுங்காகத் துலக்கி, தின்கிற தடவையையும் குறைத்தால் பல் தேறலாம். குழி விழுந்த பிறகு பல் மருத்துவர்தான்.

இந்த நாடகத்தை எழுதிய வகுப்பிலேயே மறுநாள் தின்பண்டப் பெட்டிகளைத் திறந்தால் கிரீம் பிஸ்கட், ஜெல்லி, சாக்லேட். பிறந்தநாள் என்றால் வகுப்பு முழுக்க டாஃபி. உங்கள் அன்பு புரிகிறது, காலையில் வேலைக்கு ஓடும் அவசரமும் தெரியும். ஆனாலும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அடுத்த பருவத்திலிருந்து பள்ளியில் டாஃபி வழங்க அனுமதி இல்லை. பெட்டியில் ஒட்டும் இனிப்பு வந்தால் பிரிக்காமல் வீட்டுக்கே திருப்பி அனுப்புவோம்.

சுண்டல், வேர்க்கடலை, கொய்யா, வெள்ளரி எதுவானாலும் சரி. ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் இன்னொன்றும் கவனியுங்கள். ஆறு வயது வாக்கில் பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் பலரும் அதைப் பால்பல் என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்காது. இரவு துலக்கும்போது பிரஷ் அதுவரை போகிறதா என்று பாருங்கள்.

பொம்மைகளுக்குக் காலுறையும் பொத்தானும் கொடுத்து, ஓசூர் வரை துணைக்கு வந்த பெற்றோர்களுக்கு மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பெங்களூரு